நெளிந்து கொடுக்கும் கண்ணாடி

தரையிலுள்ள பெரிய தொலைநோக்கிகளே இனிப் போதும், விண்வெளிக்கு எதையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

1989-இல் பிரான்சின் ஓத்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் (பள்ளியில் உச்சரித்தபடியே எழுதுகிறேன்) ஒரு மெல்லிய கண்ணாடியின் முதுகில் 19 தள்ளுகோல்களைப் பொருத்தினார்கள். விண்மீனின் ஒளி நேரான அலையாகத்தான் வருகிறது. சூடும் குளிருமாகக் கலந்த நம் காற்று அதை நெளித்துவிடுகிறது. அந்த நெளிவை ஒரு கருவி அளக்க, கணினி கணக்கிட, கோல்கள் கண்ணாடியை மைக்ரான் கணக்கில் எதிராக நெளிக்கும். காற்று ஓயாததால் நொடிக்குப் பலமுறை இது நடக்க வேண்டும். இப்போதைய கருவிகளில் ஆயிரம் முறைகூட.

ஆனால் அளப்பதற்குப் பிரகாசமான விண்மீன் ஒன்று பக்கத்திலேயே வேண்டும். சற்றுத் தள்ளியிருக்கும் விண்மீனின் ஒளி வேறு காற்றின் வழியே வருவதால், அங்கே திருத்தம் பொருந்தாது, படம் மங்கும். லேசரால் 90 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கை விண்மீன் உண்டாக்குகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் போன வழியே திரும்புவதால், படம் மொத்தமாக ஆடுவதை அந்த ஒளி காட்டாது. அதற்கு ஒரு நிஜ விண்மீனைத்தான் தேட வேண்டியிருக்கிறது.