டீக்கடைக் கிழவிக்குச் சூத்திரம் தெரிந்திருந்தது



சில நாட்களாக எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. மொட்டைத் தலைத் துறவி ஒருவர் கட்டுக் கட்டாகப் புத்தகங்களை நெருப்பில் போடுகிறார். கீழே ஒரு வாசகம்: ஸென் தியானத்துக்கு நூல் தேவையில்லை, அனுபவம் மட்டும் போதும். ஹட்டனில் படிப்பை விட்டுவிட்டு நிற்கும் தம்பிமார் இதற்கு இதயம் போடுகிறார்கள். "இதைத்தான் நாங்களும் சொன்னோம் சேர், பாஸ் பண்ணி என்ன கிழிக்கப் போகிறோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொரு பக்கம், "இது வேறு மதத்துக் காரியம், வாசிக்கவே கூடாது" என்று சில பெரியவர்கள். இந்த இரண்டு கட்சிக்கும் நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்கான பதில் சிறியது. யாரையும் உட்கார்ந்து ஸென் தியானம் செய்யச் சொல்லி நாங்கள் இதை எழுதவில்லை. எங்களுக்குத் தொழுகை இருக்கிறது, அது போதும். ஆனால் ஒரு பொய் எங்கள் பிள்ளைகளிடம் போகும்போது, அது எந்த மதத்தின் பெயரில் போனாலும் ஆசிரியர்கள் வாய் மூடி இருக்க முடியாது.

படத்தில் இருக்கும் கதை பழையது. துறவியின் பெயர் டெஷான், ஜப்பானியர் தொகுசான் என்பார்கள். 9ஆம் நூற்றாண்டுச் சீனர், 865இல் இறந்தவர். வைர சூத்திரம் என்ற பௌத்த நூலில் அவர் கரைகண்டவர். ஊரில் அவருக்குப் பட்டப் பெயரே அந்த நூலின் பெயர்தான். தெற்கே சில ஆசான்மார் நூல் படிக்காமலே மனதை நேரே பார்க்கலாம் என்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. அவர்களை வாதத்தில் மடக்க, சூத்திரத்தின் உரைகளை மூட்டை கட்டி முதுகில் சுமந்துகொண்டு நடந்தார்.

வழியில் ஒரு கிழவி தேநீரும் பலகாரமும் விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ச் சந்திகளில் ரொட்டியும் பிளேன்டீயும் விற்கும் அம்மாமாரைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். டெஷான் பலகாரம் கேட்டார். மூட்டையில் என்ன என்று கிழவி கேட்டாள். வைர சூத்திரத்தின் உரை என்றார். அப்போது கிழவி ஒரு கேள்வி போட்டாள். சீன மொழியில் அந்தப் பலகாரத்தின் பெயரில் 'மனம்' என்ற சொல் இருக்கிறது, மனதைத் தொட்டுத் தெம்பாக்குவது என்பதுபோல. "உங்கள் சூத்திரத்தில் கடந்த கால மனதைப் பிடிக்க முடியாது, நிகழ்கால மனதைப் பிடிக்க முடியாது, வருங்கால மனதையும் பிடிக்க முடியாது என்று இருக்கிறதே. இந்தப் பலகாரத்தால் எந்த மனதுக்குத் தெம்பூட்டப் போகிறீர்கள்?" மூட்டை முழுக்க உரை வைத்திருந்தவருக்கு வாய் திறக்க முடியவில்லை.

பக்கத்தில் இருந்த லுங்தான் என்ற ஆசானிடம் போனார். இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். புறப்பட்டு வெளியே வந்தால் கும்மிருட்டு. திரும்பிப் போய்ச் சொன்னார். லுங்தான் ஒரு விளக்கை ஏற்றி நீட்டினார். டெஷான் கையை நீட்டி வாங்கப் போன அந்த நொடியில் ஆசான் அதை ஊதி அணைத்துவிட்டார். அங்கேதான் டெஷானுக்கு விழிப்பு வந்தது என்கிறது கதை. மறுநாள் மண்டபத்துக்கு முன்னால் அந்த உரைகளை எரித்தார். 1228இல் சீனாவில் தொகுக்கப்பட்ட 'வாசலில்லா வாசல்' என்ற கோஅன் தொகுப்பில் 28ஆவதாக இந்தக் கதை இருக்கிறது. கோஅன் என்றால், யோசித்து விடை காண முடியாதபடி ஆசான் மாணவருக்குக் கொடுக்கும் கேள்வி.

இப்போது படம் போட்ட தம்பிமாரிடம் கேட்கிறோம். கிழவி எதைக் கொண்டு பண்டிதரை மடக்கினாள்? சூத்திரத்தைக் கொண்டுதான். அவளுக்கு அந்த வரி தெரிந்திருந்தது. அது மட்டுமில்லை, அந்த வரியைத் தன் தட்டில் இருந்த பலகாரத்தோடு பொருத்திப் பார்க்கவும் தெரிந்திருந்தது. டெஷானுக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. சூத்திரத்தைப் படிக்காத ஒருவர் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தால் கேள்வி காதில் விழுந்திருக்கும், வலித்திருக்காது. விளக்கு அணைந்தபோது அவருக்கு எது இருட்டானது? பல வருடம் சுமந்து வந்த வெளிச்சம்தான். சுமக்காதவருக்கு அணைவதற்கு என்ன இருக்கிறது? இன்னொன்று, அவர் எரித்தது உரைகளை. படம் போடுகிறவர்கள் அதைச் சூத்திரமே எரிந்ததாக ஆக்கிவிட்டார்கள்.

"ஆறாவது ஆசான் ஹுய்நெங் எழுத்தறிவில்லாதவர்தானே" என்று ஒரு தம்பி வாதாடினார். உண்மை, மரபு அப்படித்தான் சொல்கிறது. விறகு விற்றுத் தாயைக் காப்பாற்றியவர். ஆனால் அவரை வீட்டை விட்டுக் கிளம்ப வைத்தது என்ன? கடைத்தெருவில் யாரோ ஓதிய அதே வைர சூத்திரம் காதில் விழுந்தது. பிறகு தன் கவிதையைச் சுவரில் எழுத அவர் இன்னொருவரின் கையைக் கேட்க வேண்டியிருந்தது. எழுத்தறியாதவருக்கும் எழுத்து அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் தேவைப்பட்டார். இன்னொரு விஷயம், எங்கள் மலைநாட்டுக்காரருக்கு ருசிக்கும். ஸென்னின் முதல் ஆசான் போதிதர்மர் தன் சீடருக்குக் கொடுத்ததாக மரபு சொல்லும் நூலின் பெயர் லங்காவதார சூத்திரம். இலங்கைக்குள் வருதல் என்று அர்த்தம். அதன் முதல் அத்தியாயத்தில் புத்தரை வரவேற்பவர் இராவணன். நூல் வேண்டாம் என்றதாகச் சொல்லப்படும் மனிதரின் கையிலேயே நூல் இருந்தது.

அப்படியானால் ஸென் ஏன் நேரடி அனுபவம் என்று இவ்வளவு அழுத்துகிறது? எங்கள் இமாம் கஸ்ஸாலியிடம் கேட்டால் விளங்கும். பக்தாதின் நிஸாமிய்யாவில் பெரிய பேராசிரியராக இருந்தவர், 1095இல் பதவியை விட்டுப் போனார். ஸூஃபிகளின் நூல்களை எல்லாம் வாசித்து முடித்த பிறகுதான், மிச்சம் இருப்பது வாசிப்பால் வராது, சுவைத்தால்தான் வரும் என்று அவர் கண்டார். ஆரோக்கியத்தின் வரைவிலக்கணம் தெரிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்பது அவர் காட்டிய உதாரணம். அவர் அந்தச் சுவைக்கு வைத்த பெயர் தவ்க். ஸென் சொல்வதும் இந்த இடத்தைத்தான். இரண்டும் ஒரே மார்க்கம் என்று சொல்லவில்லை, அப்படிக் குழப்பவும் மாட்டோம். ஆனால் வரைவிலக்கணத்தைப் படிக்காமலே அதைத் தாண்டிவிட்டேன் என்று கஸ்ஸாலியும் சொல்லவில்லை, டெஷானும் சொல்லவில்லை.

அனுபவம் என்றால் சும்மா கண்ணை மூடிக்கொண்டு தோன்றியதை நம்புவது என்றும் நினைக்கிறார்கள். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பெருமாள்மலையில் போதி ஸென்டோ என்று ஒரு இடம் இருக்கிறது. 1996இல் ஆமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடங்கியது. பர்மாவில் பிறந்த தமிழர். ஜப்பானின் காமகுராவில் யமதா கோஉன் என்ற ஆசானிடம் பயின்று, 1982இல் கற்பிக்க அனுமதி பெற்றவர். எழுத்துக்கு அப்பால் என்று போதிக்கும் இவரே பல புத்தகங்கள் எழுதியிருக்கிறார், அதையும் தம்பிமார் கவனிக்கலாம்.

இந்த மரபில் ஆரம்பப் பாடம் என்ன தெரியுமா? மெத்தையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்ணைப் பாதி திறந்தபடி மூச்சை எண்ணுவது. ஒன்றிலிருந்து பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. நடுவில் மனம் எங்காவது போய்விட்டால் ஒன்றிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 25 நிமிடம், பிறகு மெதுவான நடை, திரும்பவும் உட்காருதல். பலருக்கு மூன்றைத் தாண்டவே முடிவதில்லை. நாள் கணக்கில் உட்கார்ந்தால் சிலருக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியும், உடம்பு பறப்பது போலிருக்கும். தனியாக வீடியோ பார்த்து உட்காருகிறவர் இதையே ஞானம் என்று நினைத்துவிடுவார். ஸென் ஆசான்மார் அதற்கு மக்யோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மனதின் மாயக் காட்சி. "சரி, போய் எண்ணுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே ஸென்னில்கூட அனுபவம் தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொள்ள முடியாது.

அதைச் சோதிப்பதற்கு மாணவர் ஆசானைத் தனியே போய்ச் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் கோஅனுக்குத் தன் பதிலைக் காட்ட வேண்டும். பதில் ஒட்டவில்லை என்றால் ஆசான் மணியை அடிப்பார், எழுந்து போய்விட வேண்டும். 1916இல் ஜப்பானில் ஒருவர் இந்தப் பதில்களையே தொகுத்துப் புத்தகமாகப் போட்டுவிட்டார். எங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் கடந்தகால வினாத்தாள் விடைக் கையேடு மாதிரி. 1975இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. அதனால் ஸென் மூடப்பட்டுவிட்டதா? இல்லை. மனப்பாடம் பண்ணிய பதிலோடு வருகிறவரிடம் ஆசான் அடுத்த கேள்வியைப் போடுவார், அதற்கு அடுத்ததைப் போடுவார், குரலைப் பார்ப்பார், உட்காரும் விதத்தைப் பார்ப்பார். 'எனது தாய்' கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளையிடம், "உன் அம்மா இன்றைக்குக் காலையில் என்ன சொன்னார்?" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். ஸென்னின் சண்டை அந்த மனப்பாடத்தோடுதான். அந்தச் சண்டையில் நாங்களும் அவர்கள் பக்கம்தான், எங்கள் பாடசாலைகளில் அது எவ்வளவு மலிந்திருக்கிறது என்று பெற்றோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தச் சண்டையை யார் போடுவது? மூட்டை மூட்டையாக நூல் இருந்த நாட்டில், மடங்களில் வருடக்கணக்காக ஓதியவர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை அது. அதை அப்படியே எடுத்து வந்து, தாத்தா பாட்டி கைநாட்டு வைத்த எங்கள் லயங்களில் ஒட்டினால் அர்த்தம் தலைகீழாகிவிடும். கொழுந்து எடுக்கும் அம்மாவைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது? இரண்டு இலையும் ஒரு அரும்பும் அவர் விரலுக்குத் தெரியும், பார்க்கவே தேவையில்லை. கூடையின் பாரமும் அவர் தலைக்கும் முதுகுக்கும் தெரியும். மடுவத்தில் தராசுக்குப் பிறகு சாக்குக்கு என்று ஒரு கழிவு, ஈரத்துக்கு என்று ஒரு கழிவு. மாதக் கடைசியில் சீட்டில் முழுப்பேர் அரைப்பேராக இருந்தால், அதை அவர் முதுகு வாசிக்காது. அங்கே எழுத்துத் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்களிடம் சீட்டைக் கொண்டுவந்து "சேர், இதில் என்ன போட்டிருக்கு" என்று கேட்கும் அம்மாமார் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் படம் போய்ச் சேருகிறது.

டெஷானைப் போல எரிக்க ஆசைப்படும் தம்பிமாருக்கு ஒரு வேலை சொல்கிறோம். முதலில் அவரைப் போல ஒரு மூட்டை சேருங்கள். அதுவரை, அந்தப் படத்தை அடுத்த ஆளுக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்த மாத சம்பளச் சீட்டை வரி வரியாக உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.