பூஜ்ஜிய விழுக்காட்டுத் திருட்டு

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜ் கடத்திச் செல்லப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். ஓமலூர்ப் பக்கத்துத் தலித் இளைஞர் ஒருவர், ஆதிக்க சாதியைச் சேர்ந்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான் 'குற்றம்'. அதன் பிறகு சேலம், நாமக்கல் மண்ணின் சாதி வெறி பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்தன, ஆய்வேடுகளும் வந்துகொண்டிருக்கின்றன. சாதி என்பது பெண் யாரை மணக்கிறாள் என்பதைக் கட்டுப்படுத்துவதில்தான் உயிர் வாழ்கிறது என்று அவற்றில் பல முடிக்கின்றன. சரியான முடிவு. ஆனால் அந்த முடிவுக்குப் போகும் பாதையை முதலில் வெட்டியவர் யார் என்று கேட்டால் பக்கத்தில் பதில் இருக்காது.

அந்தப் பாதைக்கு ஆளும் உண்டு, தேதியும் உண்டு. 1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். 'இந்தியாவில் சாதிகள்' என்று நாம் அழைக்கும் அக்கட்டுரை 1917 மே மாதம் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் அச்சானது. அதன் வாதத்தைச் சொற்களையெல்லாம் உரித்துவிட்டு எலும்பாகப் பார்ப்போம்.

முதல் படி: சாதியின் சாரம் தீட்டு அல்ல, தொழில் அல்ல, அகமணம். இரண்டாவது படி: ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ள வேண்டுமானால் மண வயதில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ இறந்தால் அந்தச் சமநிலை உடைகிறது. ஒரு பெண் அல்லது ஓர் ஆண் மிகுதியாகிறார். மூன்றாவது படி: மிகுதியான பெண்ணைக் கணவனோடு எரிக்கலாம், அல்லது கைம்பெண்ணாக முடக்கலாம். மிகுதியான ஆணை அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் ஆண் ஆதிக்கம் செய்பவன், அவன் உழைப்பும் கூட்டத்துக்குத் தேவை. அவனைத் துறவியாக இருக்கச் சொல்வதும் எளிதில் நடக்காது. எனவே இன்னும் மண வயதுக்கு வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவைக்க வேண்டும். நான்காவது படி: ஆகவே உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் சாதியைப் பூட்டி வைக்கும் கருவிகள். அவற்றைப் புனிதம் என்று புகழ்ந்த தத்துவம் பின்னால் வந்த ஒப்பனை. ஐந்தாவது படி: முதலில் கதவை அடைத்துக்கொண்டது பார்ப்பனர் கூட்டம், மற்றவர்கள் அவர்களைப் பார்த்து அடைத்துக்கொண்டார்கள், சிலர் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

இந்த ஐந்து படிகளின் அச்சாணி மூன்றாவது படி. அகமணத்தை மற்றவர்களும் கவனித்திருந்தார்கள். மிகுதியான ஆணுக்கும் மிகுதியான பெண்ணுக்கும் ஏன் வேறு வேறு தீர்ப்பு என்று கேட்டு, அதிலிருந்து மூன்று வழக்கங்களையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் அம்பேத்கரின் கண்டுபிடிப்பு.

இப்போது ஒருவர் இந்த ஐந்து படிகளையும் அதே வரிசையில், நல்ல தமிழில், கொங்கு உதாரணங்களைப் போட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சொற்றொடர்கூட அம்பேத்கருடையது இல்லை. ஒப்புமை பார்க்கும் மென்பொருள் என்ன செய்யும்? அது அடிப்படையில் தொடர்ச்சியாக வரும் சொற்களைத் தன்னிடம் உள்ள பிரதிகளோடு பொருத்திப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் 1917இல் வந்த வாதம் தமிழில் வேறு சொற்களில் வந்தால் அதற்குப் பிடிபட வழியில்லை. அறிக்கை பூஜ்ஜியம் விழுக்காடு என்று வரும். பல்கலைக்கழகம் முத்திரை குத்தும்.

விதி இதை அறியாததல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை, பிறர் படைப்பை மட்டுமல்ல, பிறர் கருத்தைத் தனதென்று காட்டுவதையும் கருத்துத் திருட்டு என்றே வரையறுக்கிறது. ஆனால் தண்டனையை அளக்கும்போது ஒப்புமை விழுக்காட்டைத்தான் கையில் எடுக்கிறது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40, 40 முதல் 60, 60க்கு மேல் என்று படிப்படியாகக் கூடுகிறது. வரையறையில் கருத்து இருக்கிறது, தராசில் சொல் மட்டும் இருக்கிறது. சட்டமும் துணைக்கு வராது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மிஞ்சுவது எழுதுகிறவரின் நேர்மை மட்டும்தான்.

இங்கேதான் நம் தோழர்கள் சிலர் எதிர்வாதம் வைக்கிறார்கள். கருத்து பொதுச்சொத்து, அதற்கு உரிமையாளர் பெயர் கேட்பது தனியுடைமைப் புத்தி, இயக்கத்தின் சிந்தனை எல்லோருக்கும் சொந்தம் என்கிறார்கள். பாதி உண்மை. யாரும் அம்பேத்கரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அனுமதி வேறு, ஒப்புகை வேறு. ஊர்ப் பொதுக்கிணற்றில் யாரும் நீர் இறைக்கலாம் என்பதால், அந்தக் கிணற்றை நான்தான் வெட்டினேன் என்று பேர்ப்பலகை வைத்துவிட முடியாது. அதிலும் இந்தப் பொதுச்சொத்து வாதம் எல்லோருக்கும் ஒரேபோல் பொருந்துவதில்லை. கிராம்சியிடமிருந்து ஒரு கருத்தை எடுத்தால் ஆண்டும் பக்கமும் போடுகிற கை, அம்பேத்கரிடமிருந்து எடுக்கும்போது மட்டும் 'எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்கிறது. மேடையில் படத்துக்கு மாலை உண்டு, கட்டுரையில் வாதத்துக்குப் பெயர் இல்லை.

இது தற்செயல் மறதி அல்ல. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்யும் பார்ப்பனர்களும் தரவு கொடுக்கும் சூத்திரர்களும் என்ற பிரிவினை இருப்பதை கோபால் குரு 2002இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதினார். என் வாதம் அவருடையதிலிருந்து எடுத்தது: ஒடுக்கப்பட்டவர் தந்த கோட்பாட்டைப் பெயரில்லாமல் எடுக்கும்போது, அவர் மறுபடியும் வெறும் அனுபவம் சொன்னவராகக் கீழே இறங்குகிறார். 1916 கட்டுரைக்கு அதுதான் நடந்தது. அதைப் பெண்ணியப் பனுவலாகவே படிக்க வேண்டும் என்று ஷர்மிளா ரேகே 2013இல் ஒரு நூலே கொண்டுவர வேண்டியிருந்தது. அச்சாகி 96 ஆண்டுகள் கழித்து!

ஒப்புகை எப்படிச் செய்வது என்பதற்கும் அதே கட்டுரைதான் பாடம். சாதிக்குப் பலர் தந்த வரையறைகளை அம்பேத்கர் பெயர் சொல்லி எடுத்துவைக்கிறார். கேட்கர் சொன்ன இரண்டு பண்புகளை, அதாவது சாதிக்குள் பிறந்தவரே உறுப்பினர், வெளியே மணக்கத் தடை என்பவற்றை, அவர் பெயராலேயே ஏற்கிறார். பிறகு, இவை இரண்டல்ல, ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று தன் திருத்தத்தைச் சொல்கிறார். மேலிருந்து கீழே போலச்செய்தல் பரவுகிறது என்ற கருத்தை கேப்ரியல் தார்துவின் பெயரோடு எடுத்தாள்கிறார். எதை எடுத்தேன், யாரிடமிருந்து, எங்கே மாற்றினேன் என்ற மூன்றும் அங்கே இருக்கின்றன. கட்டுரையின் கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியலைத் தொங்கவிடுவது ஒப்புகை ஆகாது. கடன் வாங்கிய அதே இடத்தில், வாதம் திரும்பும் அதே வரியில் பெயர் வர வேண்டும்.

செய்துகாட்டினால் விளங்கும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மாவட்டம் இது. இதை வைத்து ஒருவர் இப்படி எழுதலாம்: "அகமணக் கூட்டம் ஆண், பெண் எண்ணிக்கைச் சமநிலையைக் காக்க வேண்டியிருக்கிறது என்றும், மிகுதியாகும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அது வேறு வேறு தீர்ப்பு எழுதுகிறது என்றும் அம்பேத்கர் 1916இல் காட்டினார். கட்டுரையின் சட்டகம் அவருடையது. அவர் மரணத்தால் வரும் மிகுதியைப் பார்த்தார். பெண் சிசுக்களைக் கொன்ற சாதி, தானே மிகுதியான ஆண்களை உண்டாக்கிக்கொள்கிறது. அப்போது உயிரோடு இருக்கும் பெண்ணின் மேல் காவல் எப்படி இறுகுகிறது என்பதே என் கேள்வி." பெயர் சொன்னதால் எழுதியவர் சிறுத்துவிடவில்லை. எது அவருடைய சொந்தக் கேள்வி என்பது அப்போதுதான் துலங்குகிறது. மூலத்தை மறைத்திருந்தால், தொடக்கத்தில் ஆண், பெண் சமம் என்று அம்பேத்கர் எடுத்துக்கொண்டதையும், நம் மண்ணில் அது பொருந்தாததையும் வாசகர் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

எல்லா ஒற்றுமையும் கடன் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தீண்டப்படாதோர் முன்பு பௌத்தராக இருந்தவர்கள் என்று அம்பேத்கர் 1948இல் எழுதினார். பறையர் பூர்வ பௌத்தர் என்று அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய தன் வார இதழில் 1914இல் இறக்கும்வரை எழுதிவந்தார். முடிவு நெருக்கமானது, பாதை வேறு. அயோத்திதாசர் தமிழ் இலக்கியம், நிகண்டு, சொற்பொருள் வழியாகப் போகிறார். அம்பேத்கர் சிதறிய குலத்தவர், மாட்டிறைச்சி என்ற வழியில் போகிறார். முடிவு மட்டும் ஒன்றாக இருந்தால் திருட்டு என்று கத்தக்கூடாது. படிகளின் வரிசையும், எதிர்பாராத அச்சாணியும், தேர்ந்தெடுத்த சான்றுகளும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும். அலாய்சியஸ் பதிப்பில் அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் வெளிவந்த பிறகு நமக்குச் சாக்கு இல்லை. இன்று சொல்லாராய்ச்சி வழியாகப் பூர்வ பௌத்தம் பேசுகிறவர் அவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

இனி எழுதும் தோழர்கள் அனுப்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கட்டுரையை ஐந்து வரியில் சுருக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள். ஒரு கூட்டத்தில் கேட்டது என்றால், பேசியவர் பெயரும் ஊரும் நாளும் போடுங்கள். பெயர் வந்தால் அவருக்கு ஆபத்து என்றால், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தோழர் சொன்னது என்றாவது எழுதுங்கள். அச்சில் வராத பேச்சுதான் மிக எளிதாகத் திருடப்படுகிறது. நம் இயக்கத்தில் பெரும்பாலான சிந்தனை, அதிலும் பெண்களின் சிந்தனை, அங்கேதான் பிறக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் உழைப்பைப் பெயரில்லாமல் தின்றவர்களை எதிர்த்து எழுதுகிறோம். அந்த எழுத்துக்குள்ளேயே அதே வேலையைச் செய்யலாமா?