அழுகையை எழுதாதீர்கள், நிறுத்தத்தை எழுதுங்கள்

தமிழ்மொழித் தினப் போட்டிகள் நெருங்கும் காலத்தில் மாணவியரிடையே பேச்சுப் பிரதிகள் கைமாறும். அவற்றில் ஐந்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். தலைப்புகள் வேறாக இருக்கும். ஆனால் துக்கமான ஓர் இடம் வந்தவுடன் ஐந்தும் ஒரே பிரதியாக மாறிவிடும். கண்ணீர் கடலாகும், இதயம் ரணமாகும், நெஞ்சம் வெடிக்கும். ஓரத்தில் "குரல் தழுதழுக்க வேண்டும்" என்று பென்சிலால் குறித்திருக்கும்.

என் கருத்து இதற்கு நேரெதிரானது. அந்த இடத்தில் எழுதப்பட வேண்டியவை இரண்டே இரண்டு: முதலில் ஒரு நிறுத்தம், அதன் பின் ஒரு சாதாரண வாக்கியம்.

ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்தே பார்ப்போம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்தது. தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. மலையகத்தைப் பற்றிப் பேச வரும் மாணவி இதைச் சொல்லாமல் போவது அரிது. வழக்கமாக அவளுடைய பிரதியில் இப்படி இருக்கும்:

"இயற்கை அன்னையின் கோரத் தாண்டவத்தில் மண்ணோடு மண்ணாகிப் போன அந்த அப்பாவி உறவுகளின் அவலக் குரல் இன்றும் எம் இதயங்களைக் கீறிக் கிழித்துக்கொண்டே இருக்கிறது."

இந்த வாக்கியத்தில் ஒரு மனிதரையாவது காண முடிகிறதா? ஊர் இல்லை, நாள் இல்லை, வீடு இல்லை. இதையே வெள்ளப்பெருக்குக்கும் சொல்லலாம், சுனாமிக்கும் சொல்லலாம். மேலும், வினைச்சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் கேட்பவருக்கு மூச்சு முட்டிவிடுகிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். முன்னால் அடைமொழிகளை அடுக்க அடுக்க, நடந்தது என்ன என்ற செய்தி பின்னால் தள்ளப்பட்டுக்கொண்டே போகும்.

இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"2014 ஒக்டோபர் 29. மீரியபெத்தை தோட்டம். காலையில் சில பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள்.
(நிறுத்தம்: இரண்டு எண்ணவும்)
அவர்கள் திரும்பிப் போக லயம் இருக்கவில்லை."

இங்கே துக்கம் என்ற சொல்லே இல்லை. 'பாடசாலை', 'லயம்', 'திரும்பிப் போக' ஆகிய சொற்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. தினமும் பாடசாலை விட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் நாம். அதனால் மீதியைக் கேட்பவரே நினைத்துக்கொள்கிறார். அப்படி நினைப்பதற்கு அவருக்குக் கொடுக்கும் நேரம்தான் நிறுத்தம்.

நிறுத்தத்தை எங்கே வைப்பது என்பது முக்கியம். "அவர்கள் திரும்பிப் போக லயம்..." என்று நிறுத்திவிட்டு, "இருக்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அது விடுகதை போட்டுவிட்டு விடையை மறைத்து வைப்பது போல ஆகிவிடும். மற்றவருடைய இழப்பை வைத்து ஆர்வத்தைத் தூண்டும் அந்த வேலை கேட்பவரை உறுத்தும். 'ஆனால்' என்று சொல்லிவிட்டு நிறுத்துவதும் அதே தவறு. முந்திய வாக்கியம் முழுமையாக முடிந்து, குரல் கீழே இறங்கிய பிறகே நிறுத்தம் வர வேண்டும். நிறுத்தத்துக்குப் பின் குரலை உயர்த்தவும் கூடாது. விட்ட இடத்திலிருந்து அதே தாழ்ந்த குரலில், சற்று மெதுவாகத் தொடங்கினால் போதும்.

நிறுத்தத்தின் பெறுமதி நமக்குப் புதிதல்ல. குர்ஆன் ஓதக் கற்கும்போதே எங்கே நிறுத்துவது, எங்கே நிறுத்தாமல் தொடர்வது என்பதற்கான குறியீடுகளையும் சேர்த்தே கற்கிறோம். யாஸீன் ஸூராவின் 52ஆவது வசனத்தில் 'ஸக்தா' வருகிறது. மூச்சு விடாமல் ஒரு கணம் நிறுத்தி மேலே ஓதுகிறோம். எழுப்பப்படுவோரின் கேள்வி அங்கே முடிகிறது, அதற்கான பதில் தொடங்குகிறது. அந்த ஒரு கணம் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாய்க் கலந்து கேட்கும். ஓதலின் சட்டம் வேறு, மேடைப் பேச்சு வேறு. என்றாலும் நிறுத்தம் எழுதி வைக்கப்பட வேண்டிய ஒன்று, ஓதுபவர் நினைத்த இடத்தில் விடுவதல்ல என்ற பாடம் நமக்கு அங்கேயே கிடைத்திருக்கிறது.

"நிறுத்தினால் பேச்சை மறந்துவிட்டேன் என்று நடுவர்கள் நினைப்பார்களே" என்று தோழியர் கேட்பதுண்டு. நியாயமான பயம்தான். ஆனால் மறந்தவளையும் நிறுத்தியவளையும் பார்த்தவுடனே பிரித்தறியலாம். மறந்தவளின் வாக்கியம் பாதியில் அறுந்திருக்கும், கண்கள் கூரைக்கோ தரைக்கோ போகும், வாயிலிருந்து "ம்..." என்ற ஒலி வரும். நிறுத்தியவளின் வாக்கியம் முடிந்திருக்கும், வாய் மூடியிருக்கும், கண்கள் சபையை விட்டு நகராது. ஆகவே பிரதியில் புள்ளிகளை வரிசையாக வைக்காதீர்கள். புள்ளிகளைக் கண்டால் குரல் தானாகவே இழுபடும். 'நிறுத்தம்' என்ற சொல்லையே எழுதி, அடுத்த வாக்கியத்தைப் புதிய வரியில் தொடங்குங்கள். இரண்டு வரை மனதுக்குள் எண்ணுங்கள். மேடையில் நிற்பவளுக்கு அது மிக நீண்ட நேரமாகத் தோன்றும், சபைக்கு அப்படித் தோன்றாது.

நேரம் போதாது என்பது இன்னொரு காரணம். ஐந்து நிமிடப் பேச்சில் 300 விநாடிகள் இருக்கின்றன. ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு விநாடி. மேலே காட்டிய நீண்ட வாக்கியத்தை வெட்டினாலே அதைவிடக் கூடுதலான நேரம் மிஞ்சும். ஆனால் ஒரு பேச்சுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு நிறுத்தங்கள் போதும். பத்து இடத்தில் நிறுத்தினால் பதினோராவது இடத்தில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

சாதாரணச் சொற்களில் உணர்ச்சி இருக்காது என்று நினைப்பவர்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும் ஜனாஸா அறிவித்தலை நினைத்துப் பார்க்கட்டும். கட்டுகஸ்தோட்டையிலும் சரி, அக்குறணையிலும் சரி, இன்னார் காலமானார், இன்ன வீட்டிலிருந்து இத்தனை மணிக்கு நல்லடக்கம் என்று மட்டுமே சொல்லப்படும். ஓர் அடைமொழிகூட இருக்காது. ஆனாலும் அடுப்படியில் நிற்கும் உம்மா கரண்டியை வைத்துவிட்டுக் காதைக் கொடுக்கிறார். பெயரும் வீடும் நேரமுமே அவருக்குப் போதும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சொல்லும் விடயம் வெறுமையாக இருந்தால் நிறுத்தம் அதைக் காப்பாற்றாது. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிரதியை நிறுத்தம் வரைக்கும் தோழியிடம் வாசித்துக் காட்டி, "யார், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று கேளுங்கள். அவளால் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த மௌனத்தில் நினைப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. அப்போது திருத்த வேண்டியது நிறுத்தத்தை அல்ல, அதற்கு முன்னால் உள்ள வாக்கியத்தை.

நடுவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தழுதழுத்த குரலுக்குப் புள்ளி வழங்கும்வரை பிள்ளைகள் தழுதழுக்கவே பழகுவார்கள். மீரியபெத்தையில் வீடிழந்த பிள்ளைகளும் நம்மைப் போன்ற மாணவர்கள்தான். அவர்களில் ஒருவர் சபையில் உட்கார்ந்திருந்தால் நம் பேச்சைக் கேட்டு என்ன நினைப்பார்? கோரத் தாண்டவம் என்ற சொல் அவருக்கு எதையும் சொல்லாது. லயம் இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.