டியூப் போட்டதும் தோலை முன்னே இழுத்துவிட்டார்களா?

நைட் டியூட்டியில் எழுபது வயசு தாத்தா ஒருத்தர் வந்தார். மூத்திரம் அடைச்சதால் முந்தின நாள் வேறொரு இடத்தில் டியூப் போட்டிருக்காங்க. மகனை வெளியே அனுப்பிட்டு, "சார், அங்க வீங்கியிருக்கு. சொல்ல நாணமா இருந்து, காலைல பாக்கலாம்னு கெடந்தேன்"னார்.

டியூப் போடப் பின்னால் தள்ளின முன்தோலை யாரும் திரும்ப முன்னே இழுத்துவிடலை. அது மொட்டுக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் மாதிரி இறுகிடுச்சு. இதுதான் பாராஃபைமோசிஸ். உள்ளே போன ரத்தம் திரும்ப வழியில்லாம வீங்கும். வீங்க வீங்க வளையம் இன்னும் இறுகும். கடைசியில் உள்ளே போற ரத்தமும் நின்னா மொட்டு கறுத்து அழுகிடும். காலை ஓ.பி. வரைக்கும் காத்திருக்க முடியாத விஷயம்.

மரத்துப்போற ஜெல் தடவி, வீக்கத்தைக் கையால் பத்து நிமிஷம் விடாம அமுக்கிப் பிடிச்சேன். வடிஞ்சதும் கட்டைவிரல்களால் மொட்டை உள்ளே தள்ள, தோல் முன்னே வந்துச்சு. வரலைன்னா அந்த வளையத்தைக் கீறித்தான் விடணும்.

இதில் தப்பு எங்க பக்கம்தான். தோலை முன்னே கொண்டுவராம டியூப் போட்டவங்க கையுறையைக் கழட்டக் கூடாது. நீங்களும் கூச்சப்படாம கேளுங்க. வீட்டில் டியூபைச் சுத்தி துடைக்கிறவங்களுக்கும், குளிக்கும்போதோ உறவுக்கு அப்புறமோ தோல் மாட்டிக்கிற இளைஞர்களுக்கும் இதே கதைதான். தோல் முன்னே வரலைன்னா, ராத்திரி ரெண்டு மணியானாலும் கேஷுவால்ட்டிக்கு வந்துடுங்க.