அண்ணன் மார்க்கும் தங்கை மார்க்கும்

மே, ஜூன் மாதம் வந்தால் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வியாதி வந்துவிடுகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் "பேரன் எவ்வளவு?" என்று கேட்கிறோம். பதில் வந்ததும், "அப்படியா, இவன் பெரியப்பா மகன் இன்னும் அதிகம் வாங்கினானே" என்கிறோம். அக்கறை என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். நான் இதைக் கொடுமை என்கிறேன். அதுவும் கணக்குத் தெரியாத கொடுமை.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்களுக்கு மார்க் 20க்குத்தான். 10 வாங்கினால் தேர்ச்சி. பாக்கலோரெயா பரீட்சையில் 14 வந்தால் 'பியேன்', அதாவது நன்று, என்று சான்றிதழிலேயே போடுவார்கள். என் அப்பாவோ 14ஐ ஐந்தால் பெருக்கி 70 ஆக்குவார். தமிழ் வழியில் படித்த என் பெரியப்பா மகனின் 78க்குப் பக்கத்தில் அதை வைத்து, "எட்டு குறைச்சல்" என்பார். படியும் கிலோவும் ஒன்று என்று நினைத்து அளக்கும் வியாபாரம் அது. அதே வியாபாரம்தான் இன்றும் நடக்கிறது.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவள் பேரன் 2024இல் நீட் எழுதி 640 வாங்கினான். அவன் சித்தப்பா மகள் 2025இல் எழுதி 540 வாங்கினாள். "நூறு மார்க் வித்தியாசம்" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரே பேச்சு. இரண்டுமே 720க்குத்தானே என்று கேட்பீர்கள். ஆனால் 2024இல் 200 கேள்வி கொடுத்து, அதில் 180க்குப் பதில் எழுதினால் போதும் என்றார்கள். நேரம் 200 நிமிடம். 2025இல் கேள்வியே 180தான், எல்லாம் கட்டாயம், நேரமும் 180 நிமிடம். இயற்பியல் கேள்விகள் வேறு பிள்ளைகளை அழவைத்தன. 2024இல் முதலில் வந்த முடிவில் 67 பேர் முழு மார்க் 720 வாங்கியிருந்தார்கள். 2025இல் இந்தியாவிலேயே முதலாவது வந்தவர் வாங்கியது 686. மருத்துவ இடம் கொடுப்பது மார்க்கைப் பார்த்தல்ல, ரேங்க்கைப் பார்த்து. இரண்டு பேரின் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்தப் பெண் அண்ணனைவிடப் பல ஆயிரம் இடம் முன்னே இருந்தாள்.

அட்டையைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அதற்குள் அவள் விடிய விடிய விழித்திருந்து பகலில் தூங்கினாள். சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் எடுத்துப் போய் பாதியில் வைத்துவிடுவாள். உறவுக் கல்யாணத்துக்கு வர மறுத்தாள். ஆசையாக வாங்கிய கைக்கடிகாரத்தைப் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டாள். ஒருநாள், "நான் இல்லேன்னா அப்பாவுக்குச் செலவு மிச்சம்" என்றாள். வீட்டில் அதைக் கோபப்பேச்சு என்று விட்டார்கள். என் தங்கை விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போகணும்னு தோணுதாடா கண்ணு?" என்று நேராகக் கேட்டாள். பிள்ளை உடைந்து அழுதாள்.

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். அது தப்பு. கேட்பதால் எண்ணம் முளைக்காது. தனியே சுமந்ததை இறக்கிவைக்க இடம் கிடைக்கும். அன்றிரவு அவளைத் தனியே விடவில்லை. மாத்திரை டப்பாவைப் பூட்டிவைத்தார்கள். 14416க்குப் போன் செய்தார்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் அது. இரவு பகல் எப்போதும் கிடைக்கும், காசில்லை, தமிழிலேயே பேசலாம். மறுநாள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள்.

இதற்கிடையில் ஒரு மாமா புத்திசாலித்தனம் காட்டினார். ரேங்க் அட்டையை நீட்டி, "பாரு, நீதான் அண்ணனைவிட மேல்" என்றார். அவள் முகம் திருப்பிக்கொண்டாள். நியாயம்தானே? தராசில் மேலே போனாலும் அவள் இன்னும் தராசில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த பரீட்சையில் கீழே இறங்கினால்? மார்க்கைத் தப்பாக ஒப்பிட்டது மட்டும் குற்றமல்ல, ஒப்பிட்டதே குற்றம். ரேங்க் கணக்கை நான் இங்கே எழுதியது பெரியவர்கள் வாயை அடைக்கத்தான், பிள்ளையைத் தேற்ற அல்ல.

பிள்ளையைத் தேற்றியது வேறு. அவள் அப்பா வாட்ஸாப் குழுவில், "என் மகள் மார்க்கைப் பற்றி இனி இங்கே யாரும் பேச வேண்டாம்" என்று ஒரே வரி எழுதினார். அண்ணன்காரன் வந்து, பரீட்சைக்கு முன்னால் தனக்கும் ராத்தூக்கம் போனதைச் சொன்னான். காலையில் பாட்டியோடு கடற்கரைக்கு நடந்தாள், படிப்பைப் பற்றிப் பேசாமல். தூக்கம் சரியாகவே இரண்டு மாதம் ஆயிற்று. மருத்துவரிடம் போவதை நிறுத்தவில்லை.

"எங்களை அப்பா பெல்ட்டால் அடித்தார், நாங்கள் செத்தா போனோம்?" என்று சிலர் கேட்பீர்கள். பிழைத்திருக்கும் நாம்தான் இதைக் கேட்கிறோம். பிழைக்காதவர்கள் இந்தத் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. அடுத்த முறை உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் பிள்ளையிடம் "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேளுங்கள். மார்க் வேண்டுமென்றால் உங்கள் பழைய சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.