சும்மா வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்?

"பிட்காயின் வாங்கி விற்றதில் ஒரே ஆண்டில் 50 விழுக்காடு லாபம்." இந்த வாக்கியத்தை டத்தோ கிராமாட் வட்டாரத்தில் கல்லூரி மாணவர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். கட்டண வகுப்பு நடத்துகிறவர்களின் விளம்பரங்களிலும் இதே வாக்கியம்தான். சொல்லப்படும் லாபம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் திறமையாக வாங்கி விற்றாரா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது என்பதே என் கருத்து. அதற்கு இன்னோர் எண் வேண்டும். அதே பணத்துக்கு, அதே நாளில், அதே நாணயத்தை வாங்கிவிட்டுக் கை வைக்காமல் விட்டிருந்தால் இன்று எவ்வளவு இருக்கும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். மாணவர் கற்பனை, விலைகள் உண்மையானவை. 2023 ஜனவரி தொடக்கத்தில் ஒரு பிட்காயின் சுமார் 73,000 ரிங்கிட். ஜூலை தொடக்கத்தில் சுமார் 143,000. டிசம்பர் இறுதியில் சுமார் 194,000. நம் மாணவர் ஜனவரியில் 1,200 ரிங்கிட்டும் ஜூலையில் 800 ரிங்கிட்டும் போடுகிறார். ஆண்டு முழுவதும் வாங்குகிறார், விற்கிறார். டிசம்பர் 31-இல் கணக்கில் 3,000 ரிங்கிட் இருக்கிறது. 2,000 போட்டு 3,000 எடுத்தால் 50 விழுக்காடு லாபம். உண்மைதான்.

இப்போது சும்மா இருந்தவரின் கணக்கு. ஜனவரியில் 1,200 ரிங்கிட்டுக்கு 0.0164 பிட்காயின் கிடைத்திருக்கும். ஜூலையில் 800 ரிங்கிட்டுக்கு 0.0056. மொத்தம் 0.0220. டிசம்பர் விலையில் இதன் மதிப்பு ஏறக்குறைய 4,270 ரிங்கிட். ஓராண்டு முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எதுவும் செய்யாதவரைவிட 1,270 ரிங்கிட் பின்தங்கிவிட்டார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 2023 பிட்காயினுக்கு அப்படியோர் ஆடி மாதம். அம்மி பறந்ததற்கு அம்மியைப் பாராட்டக் கூடாது.

இந்த ஒப்பீட்டில் தவறு நுழையும் இடங்களும் உண்டு. முதலாவது, பணம் போட்ட நாள். 2,000 ரிங்கிட்டையும் ஜனவரியிலேயே போட்டதாக எடுத்துக்கொண்டால், சும்மா இருந்தவருக்கு 5,300 ரிங்கிட் வந்ததாகக் காட்டும். அது மாணவருக்குச் செய்யும் அநியாயம். ஜூலையில் போட்ட பணத்துக்கு ஜனவரி விலை கிடைத்திருக்க வழியில்லை. எப்போதெல்லாம் பணம் உள்ளே வந்ததோ, அன்றைய விலையிலேயே கணக்கிட வேண்டும். இரண்டாவது, முடிவு நாள். லாபம் உச்சத்தில் இருந்த நாளோடு கணக்கை நிறுத்திக்கொள்வது பலருக்கும் வழக்கம். தொடக்க நாளையும் முடிவு நாளையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். இன்னும் விற்காமல் நட்டத்தில் கிடப்பதையும் அன்றைய விலைக்கு மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, நாணயம். பிட்காயினில் வாங்கி விற்றவரைப் பிட்காயினோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த ஆண்டில் மிக அதிகமாக ஏறிய நாணயத்தையோ மிக அதிகமாக விழுந்த நாணயத்தையோ பிறகு தேடிப் பிடித்து அதனோடு ஒப்பிட்டால், எந்த முடிவையும் வரவழைத்துவிடலாம்.

நான்காவது விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. வாங்கி விற்பவரின் பணம் எல்லா நாளும் நாணயத்தில் இருப்பதில்லை. பாதி நாள் ரொக்கமாகக் கிடக்கும். அதனால் விலை விழும்போது அவருக்கு அடி குறைவு. 2022-ஐப் பாருங்கள். அந்த ஆண்டில் பிட்காயின் ரிங்கிட் மதிப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. ஒருவர் 30 விழுக்காடு மட்டுமே இழந்திருந்தால், சும்மா வைத்திருந்தவரை அவர் வென்றுவிட்டார் என்றே தோன்றும். ஆனால், தொடக்கத்திலேயே பாதிப் பணத்துக்கு நாணயம் வாங்கி, மீதிப் பாதியைத் தொடாமல் வைத்திருந்தவருக்கும் ஏறக்குறைய அதே 30 விழுக்காடுதான் போயிருக்கும். அப்படியானால் அவரைக் காப்பாற்றியது சாமர்த்தியமா, ரொக்கமா? சராசரியாக எவ்வளவு பணம் நாணயத்தில் இருந்ததோ, அதே அளவைச் சும்மா வைத்திருந்தவரோடும் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும்.

இதே அளவுகோலை நம் 2023 மாணவருக்கும் வைப்பதுதான் நியாயம். சராசரியாக அவருடைய பணத்தில் பாதிதான் நாணயத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் பாதிக்கு மட்டும் வாங்கிச் சும்மா விட்டிருந்தால், கடைசியில் சுமார் 3,135 ரிங்கிட் இருந்திருக்கும். அவரிடம் இருப்பது 3,000. இடைவெளி 1,270-இலிருந்து 135-ஆகக் குறைந்துவிட்டது. இந்த 135 எங்கே போனது? ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விற்கும்போதும் அரை விழுக்காடு கட்டணம் என்றால், ஆயிரம் ரிங்கிட்டுக்கு ஐந்து ரிங்கிட். அப்படி முப்பது முறை செய்தால் 150 ரிங்கிட். சும்மா இருந்தவருக்கும் கட்டணம் உண்டு, ஆனால் வாங்கிய இரண்டு முறை மட்டும்தான். ஆக, நம் மாணவர் விலையைக் கணித்ததில் பெரிதாகத் தவறவில்லை. பெரிதாகச் சாதிக்கவும் இல்லை. கட்டணம் கட்டியதுதான் மிச்சம்.

இது கிரிப்டோவோடு பிறந்த சிந்தனை அல்ல. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 66,465 குடும்பங்களின் பங்குச் சந்தைக் கணக்குகளை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் கையில் இருந்த பங்குகளைத் தொடாமலே விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதும் அவர்கள் பயன்படுத்திய அளவுகோல்களில் ஒன்று. 1991 முதல் 1996 வரை சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு தந்தபோது, மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 விழுக்காடு.

அப்படியென்றால் வாங்கிய எதையும் விற்காமல் வைத்திருங்கள் என்கிறேனா? இல்லை. 2022 மே மாதத்தில் லூனா என்ற நாணயம் சில நாள்களிலேயே ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. அதைச் சும்மா வைத்திருந்தவர் எல்லாவற்றையும் இழந்தார். பாதியில் விற்றவர் தப்பினார். சும்மா வைத்திருப்பது ஓர் அளவுகோல் மட்டுமே, அறிவுரை அல்ல. துணி அளக்கும் கோலை யாரும் உடுத்திக்கொள்வதில்லை. அதேபோல், ஓராண்டு வென்றதை வைத்தும் திறமை என்று சொல்லிவிட முடியாது. ஏறிய ஆண்டு, விழுந்த ஆண்டு இரண்டிலும் இந்த ஒப்பீட்டைச் செய்து பார்க்க வேண்டும்.

எனக்கு இரண்டு எதிர்பார்ப்புகள் உண்டு. கல்லூரி முதலீட்டுக் கழகங்கள் வாங்கி விற்கும் போட்டி நடத்தினால், மதிப்பெண் பட்டியலில் 'சும்மா இருந்தவர்' என்று ஒரு வரிசையையும் சேர்க்க வேண்டும். அந்த வரிசைக்குக் கீழே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே மாணவர்களுக்கு நல்ல பாடம். அடுத்து, லாபத் திரைப்படத்தைக் காட்டி வகுப்புக் கட்டணம் கேட்பவரிடம், பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை? பணம் எப்போதெல்லாம் போடப்பட்டது? அதே நாணயத்தைத் தொடாமல் விட்டிருந்தால் எவ்வளவு? கணக்கு வைத்திருப்பவருக்கு இவற்றுக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம்கூட ஆகாது. பதில் வராவிட்டால், கட்டணத்தை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.