சாட்சி சொன்னதை மாற்ற நீங்கள் யார்?

"ஆமாங்க. வந்துச்சு... வரலைங்க."

கட்டுமான ஒப்பந்தத் தகராறு ஒன்றில், நடுவர் தீர்ப்பாயத்தின் முன் ஒரு தள மேற்பார்வையாளர் சொன்ன பதில் இது. டிசம்பரில் வரைபடம் கைக்கு வரவில்லை என்கிறீர்களா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்டார். மனிதர் வாய்தவறி 'வந்துச்சு' என்று தொடங்கி, அடுத்த நொடியே திருத்திக்கொண்டார். மொழிபெயர்ப்பாளரும் இரண்டையும் அதே வரிசையில் ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் மெய்ப்புப் பார்த்து முடித்ததாகச் சான்றளித்து அனுப்பப்பட்ட எழுத்துப்படியில் அந்த இடத்தில் இருப்பது: "ஆம், வந்தது."

நடுவர் விசாரணை இரகசியமானது. நடுவர் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்ந்த 42ஏ பிரிவு அதைச் சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. எனவே பெயர்களை விட்டு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறோம். பிழைகளின் தன்மையை மட்டும் மாற்றவில்லை.

இது கைதவறிய தட்டச்சுப் பிழை அல்ல. தட்டச்சு செய்தவர் இரண்டு பாதியையும் எழுதியிருந்தார். மெய்ப்புப் பார்த்தவர், தடுமாற்றங்களை நீக்கிச் 'சுத்தப்படுத்தும்' பழக்கத்தில், இரண்டில் ஒன்றை அடித்துவிட்டார். கருத்தரங்க உரைக்கு அந்தப் பழக்கம் பொருந்தலாம். சாட்சியத்தில் தடுமாற்றமும் சாட்சியம்தான். 'வந்தது' என்று எழுதி, நடுவில் ஒரு கோடு இட்டு, 'வரவில்லை' என்று முடிப்பதுதான் முறை. அந்த ஒரு கோட்டில் இருக்கிறது வழக்கு. வரைபடம் தாமதமானதால் வேலை தாமதமானது என்பதுதான் ஒப்பந்ததாரரின் முழு வாதமும்.

'ஆமாங்க' என்ற சொல்லும் கவனம் கேட்பது. எதிர்மறைக் கேள்விக்குத் தமிழர் 'ஆமாம்' என்றால், 'நீங்கள் சொன்னது சரி, வரவில்லை' என்று பொருள். அதை 'ஆம்' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவர் 'வந்தது' என்றும் எடுத்துக்கொள்ளலாம். மெய்ப்புப் பார்ப்பவர் இங்கே விளக்கம் எழுதிச் சேர்க்கக் கூடாது. அது அவர் வேலை அல்ல. பின்னால் வரும் 'வரவில்லை' என்ற சொல்லைத் தொடாமல் காப்பாற்றினாலே போதும். அதைத்தான் இவர் வெட்டியிருக்கிறார்.

அடுத்தது இன்னும் மோசம். வரைபடப் பதிவேட்டைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. சாட்சி வாய் திறப்பதற்குள் அவர் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "அது இவருக்குத் தெரியாது" என்று ஆட்சேபித்தார். தலைமை நடுவர் எதுவும் சொல்லவில்லை. சாட்சியே பேசினார்: "தெரியுங்க ஐயா, நான்தான் வாங்கி வெச்சேன்." மூன்று பேர், மூன்று பேச்சு. எழுத்துப்படியிலோ ஆட்சேபித்தவரின் பெயர் விழுந்துவிட்டது. அவர் பேச்சு பதிலுக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்தது. பதில் சொல்பவர் தன்னையே 'இவர்' என்பாரா என்று மெய்ப்புப் பார்த்தவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வந்த சந்தேகத்துக்கு அவர் ஒலிப்பதிவைத் திறந்திருக்க வேண்டும். மாறாக, 'இவருக்குத் தெரியாது' என்பதை 'எனக்குத் தெரியாது' என்று திருத்தி வாக்கியத்தைச் சரிக்கட்டியிருக்கிறார். ஒரு பெயர் விடுபட்டது பிழை. அதை மறைக்க இலக்கணத்தை வளைத்தது பிழையினும் பெரியது.

ஒரு பெயர் விடுபட்டால் அதோடு நிற்காது. கேள்வி, பதில் என்று மாறி மாறி ஓடும் பக்கத்தில் ஒன்று பிசகினால், கீழே உள்ளவை எல்லாம் இடம் மாறும். சாட்சியின் உண்மையான பதில் 'கேள்வி' என்ற தலைப்பின்கீழ் போனது. அடுத்து வழக்கறிஞர் கேட்டது பதிலானது. இப்படி ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம். இதைக் கண்டுபிடிக்கச் சட்டப் படிப்பு வேண்டாம். பதில் வரிகளில் கேள்விக்குறி நிற்கிறதா, கேள்வி வரியில் 'ஐயா' என்ற விளி வருகிறதா, இரண்டு பதில்கள் அடுத்தடுத்து விழுகின்றனவா என்று பார்த்தாலே போதும். நடுவரே கேள்வி கேட்கும் இடத்தில் அவர் பெயரைப் போட வேண்டும். ஆட்சேபம் முடிந்து வழக்கறிஞர் மறுபடி தொடங்கும்போது யார் கேட்கிறார் என்பதைப் புதிதாகக் குறிக்க வேண்டும். இந்தப் பக்கங்களில் எதுவும் இல்லை. காதில் கேட்காமல் கண்ணால் மட்டும் படித்தவர் செய்த வேலை இது என்று எந்த வழக்கறிஞரும் சொல்லிவிடுவார்.

வேகமாகவும் சரியாகவும் எழுதுபவர்களே தடுமாறுகிறார்கள் என்பதும் தெரிந்த செய்திதான். 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஃபிலடெல்ஃபியாவின் 27 நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்களைக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கை எழுதச் சொன்னார்கள். 95 விழுக்காடு துல்லியத்துக்குச் சான்று பெற்றவர்கள் அவர்கள். முழு வாக்கியமாகச் சரியாக எழுதப்பட்டவை 59.5 விழுக்காடு மட்டுமே. பழகாத பேச்சு காதுக்குக் கடினம். அதனால்தான் தளத்துத் தமிழ் தெரிந்த ஒருவர் ஒலிப்பதிவோடு ஒப்பிட வேண்டும் என்கிறோம். கேட்காத இடத்தில் ஊகிக்காமல், கேட்கவில்லை என்று அடைப்புக்குறியில் நேரத்துடன் எழுதுவதற்கும் நேர்மை வேண்டும்.

குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவானதும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278ஆம் பிரிவு சொன்னது அது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 313ஆம் பிரிவு. நடுவர் விசாரணையில் அப்படி ஒரு கட்டாயம் தானாக வராது. பின்னால் சரிசெய்யலாம் என்றும் நம்ப முடியாது. நடுவர் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பின், உள்நாட்டு நடுவர் தீர்ப்பைச் சாட்சியத்தை மறுபடி எடைபோட்டு ரத்து செய்யச் சட்டம் இடம் தரவில்லை. 33ஆம் பிரிவு தரும் 30 நாளும் தீர்ப்பில் உள்ள கணக்கு, எழுத்துப் பிழைகளுக்குத்தான், எழுத்துப்படிக்கு அல்ல. 'ஆம், வந்தது' என்று நடுவர் எழுதிவிட்டால் அது அப்படியே நிற்கும்.

புகார் போனதும் எழுத்துப்படி தயாரித்த நிறுவனம் செய்ததுதான் எங்களை மிகவும் கோபப்படுத்துகிறது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் புதிய பிரதி ஒன்றை அனுப்பியது. எங்கே என்ன மாறியது என்ற பட்டியல் இல்லை. விடுபட்ட பெயர்கள் சேர்ந்ததில் ஒவ்வொரு பக்கத்தின் 25 வரிகளும் நகர்ந்துவிட்டன. இரு தரப்பு எழுத்து வாதங்களிலும் 'மூன்றாம் நாள், 47ஆம் பக்கம், 12ஆம் வரி' என்று காட்டிய இடங்கள் எல்லாம் இப்போது வேறு எதையோ காட்டுகின்றன. பக்க எண்ணும் வரி எண்ணும் மாறக் கூடாது என்பதற்காகத்தான் திருத்தத்தைத் தனிப் பட்டியலாகத் தருகிறார்கள்: பக்கம், வரி, இருந்தது, இருக்க வேண்டியது, ஒலிப்பதிவின் நேரம்.

வழக்கறிஞர்களும் தப்ப முடியாது. வரைவைப் படித்துத் திருத்தம் சொல்ல இரு தரப்புக்கும் அவகாசம் தரப்பட்டது. படிக்காமல் 'ஆட்சேபம் இல்லை' என்று மின்னஞ்சல் அனுப்பிய கைகள் அவை. தங்களுக்குச் சாதகமான தவறைக் கண்டும் பேசாமல் இருந்தவர் யாராவது இருந்தால், அவர் நீதிமன்ற அலுவலர் என்ற பெயருக்கே தகுதியற்றவர்.

நிறுவனம் இரண்டாம் பிரதியைத் திரும்பப் பெற வேண்டும். முதல் பிரதியின் பக்க, வரி எண்களைத் தொடாமல், மூன்று நாள் சாட்சியத்தையும் ஒலிப்பதிவோடு வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்தப் பட்டியல் தர வேண்டும். அந்த ஒப்பீட்டைத் தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர் செய்து, தன் பெயரில் கையெழுத்திட வேண்டும். இரு தரப்பும் பட்டியலை ஏற்கும்வரை தீர்ப்பாயம் தீர்ப்பை எழுதத் தொடங்கக் கூடாது. ஒத்துப்போகாத வரிகளுக்குத் தீர்ப்பாயமே ஒலிப்பதிவைக் கேட்டு முடிவு சொல்லட்டும்.

ஒலிப்பதிவு அழியவில்லை. தீர்ப்பும் இன்னும் வரவில்லை.